எழுதிக் கொடுப்பதும் எழுதி வைப்பதும்

அப்பாவிடம் உயிலைப் பற்றிப் பேசுவதற்காகவே கோயம்புத்தூரிலிருந்து திண்டுக்கல்லுக்கு மூன்று முறை பஸ் ஏறினேன். மூன்று முறையும் பேசாமல் திரும்பினேன். முதல் முறை போர் மோட்டாரில் காயில் எரிந்துபோயிருந்தது. அன்றைய பகல் முழுக்க அதைக் கழற்றுவதில் போய்விட்டது. இரண்டாம் முறை அக்கா பிள்ளைகளோடு வந்திருந்தாள். அவள் இருக்கும்போது பேசினால் ஒரு மாதிரி, இல்லாதபோது பேசினால் இன்னொரு மாதிரி என்று தோன்றி விட்டுவிட்டேன். மூன்றாம் முறை வாயைத் திறந்தேன். "அப்பா, ஒரு விஷயம்" என்றதும் அவர் பேப்பரை மடித்து வைத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அவ்வளவு கவனமாக அவர் பார்த்ததும் எனக்கு நாக்கு புரளவில்லை. "இன்வர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணி ஊத்துனீங்களா?" என்று கேட்டுவைத்தேன். மின்வாரியத்தில் ஒயர்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்ற மனிதரிடம் கேட்கிற கேள்வியா அது? அவர் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

எனக்கு இந்த அரிப்பு பெரியப்பா வீட்டு விவகாரத்தில் ஆரம்பித்தது. பெரியப்பா 2019-ல் இறந்தார். உயில் இல்லை. ஊரில் ஒரு ஓட்டு வீடு, வங்கியில் எட்டு லட்ச ரூபாய் டெபாசிட். பெரியம்மா, இரண்டு அண்ணன்கள், ஒரு அக்கா என்று நான்கு பேர். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி அவர் சம்பாதித்த சொத்து நான்கு சம பங்காகப் போகும். மனைவிக்கு ஒரு பங்கு, பிள்ளைகளில் ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் ஆளுக்கு ஒரு பங்கு. மகள்களுக்குப் பங்கு 2005-ல்தான் வந்தது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1989-ல் தமிழ்நாட்டிலும் 2005-ல் நாடு முழுவதும் வந்த திருத்தங்கள் பூர்வீகச் சொத்தைப் பற்றியவை. தகப்பன் சுயமாகச் சம்பாதித்து, எழுதிவைக்காமல் போன சொத்தில் மகளுக்குச் சம பங்கு 1956-லிருந்தே உண்டு.

இது வரைக்கும் கணக்கு சுலபம். டெபாசிட்டுக்கு நாமினியாகச் சின்ன அண்ணன் பெயர் இருந்ததுதான் வினை. வங்கி அவரிடம் பணத்தைக் கொடுத்தது. வங்கியின் மேல் தப்பில்லை, அவர்கள் அப்படித்தான் கொடுக்க வேண்டும். அண்ணனோ "அப்பா என் பேரைத்தானே போட்டார்" என்று அதைத் தன் பணமாகவே எடுத்துக்கொண்டார். நாமினி என்பவர் வாங்கிக்கொள்ளும் ஆள், வைத்துக்கொள்ளும் ஆள் அல்ல. வங்கி டெபாசிட் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே இதைச் சொல்லியிருக்கிறது. பங்குகளுக்கும் அப்படித்தான் என்று 2023-ல் சொன்னது. வாங்கியவர் வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இதை அண்ணனுக்கு யார் சொல்வது? இரண்டு வருடம் கழித்துப் பெரியம்மாவும் போய்ச் சேர்ந்தார். அவருடைய கால் பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் பன்னிரண்டில் ஒன்றாகப் பிரிந்து, இப்போது வீட்டில் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. வீட்டை வாங்க ஆள் வந்தது. டெபாசிட் கணக்கைத் தீர்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். ஒருவர் கையெழுத்து இல்லாவிட்டாலும் மற்றவர்கள் தங்கள் பிரிபடாத பங்கை விற்கலாம் என்று சட்டம் சொல்லலாம். அப்படிப்பட்ட பங்கை எந்த மடையன் வாங்குவான்? வீடு பூட்டிக் கிடக்கிறது. பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறது. கொல்லையில் முருங்கை மட்டும் காய்த்துத் தள்ளுகிறது.

அப்பா அந்த வீட்டுக்குப் பஞ்சாயத்துப் பேசப் போய் அவமானப்பட்டுத் திரும்பியவர். "சித்தப்பா, இது எங்க குடும்ப விஷயம்" என்று அவருடைய அண்ணன் மகன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறான். அதனால் அப்பாவுக்கு இதன் ஆபத்து தெரியும், நாம் ஆரம்பித்தால் போதும், அவரே பிடித்துக்கொள்வார் என்று நினைத்திருந்தேன். அவர் அந்தச் சம்பவத்திலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு. "அண்ணன் பிள்ளைகள வளத்த விதம் சரியில்ல" என்பதோடு அவருக்கு அது முடிந்துவிட்டது. எங்களை அவர் சரியாக வளர்த்தவர். ஆகவே எங்களுக்குக் காகிதம் எதற்கு? நான் உயில் என்று வாயெடுத்தால், எங்களைச் சரியாக வளர்க்கவில்லை என்று அவரிடமே சொல்வது மாதிரி ஆகிவிடும். மூன்று முறையும் என்னைத் தடுத்தது இதுதான் என்று பின்னால்தான் புரிந்தது.

கரண்ட் இல்லாத ஒரு பகல்

நான்காவது முறை போனபோது எங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இல்லை. டிவி இல்லை, மின்விசிறி இல்லை. இன்வர்ட்டரையும் அப்பா அணைத்துவிடுவார், "ஒரு நாள் காத்தாட உக்காந்தா என்ன?" என்பார். திண்ணையில் அவர் சேரில், நான் படிக்கட்டில். உள்ளே அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வீட்டுப் பத்திரமெல்லாம் எங்கப்பா இருக்கு?"

"பீரோவுல. ஏன், லோன் எதுவும் போடணுமா?"

"இல்லப்பா, சும்மா தெரிஞ்சு வச்சுக்கலாம்னு." கொஞ்ச நேரம் கழித்து, தெருவைப் பார்த்தபடியே சொன்னேன். "நீங்க ஒரு உயில் மாதிரி எழுதி வச்சா நல்லதோன்னு தோணுச்சு."

'மாதிரி' என்ற சொல்லை ஏன் சேர்த்தேன் என்று தெரியவில்லை. உயில் மாதிரி ஒன்று கிடையாது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தால் அதன் சத்தமாவது இருந்திருக்கும். ஒன்றும் இல்லை. எதிர்வீட்டில் யாரோ துணி துவைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்பா மெதுவாகக் கேட்டார். "டாக்டர் எதுவும் சொன்னாரா உங்கிட்ட?"

எனக்குத் திக்கென்றது. போன மாதம் அவருக்கு எக்கோ எடுத்திருந்தோம். ரிப்போர்ட்டை நான்தான் வாங்கி வந்தேன், நான்தான் டாக்டரைத் தனியாகப் பார்த்தேன். "ஐயோ இல்லப்பா, எல்லாம் நார்மல்" என்று பதறினேன். பதறியதே சந்தேகத்தைக் கூட்டியிருக்கும். போனில் இருந்த ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பெரிதாக்கிப் படித்தார். ஆங்கிலத்தில் இருந்த கடைசி வரியை இரண்டு முறை படித்தார்.

"அப்ப மருமக சொன்னாளா?"

"அவளுக்கு இதெல்லாம் தெரியாதுப்பா."

"உனக்கும் அக்காவுக்கும் எதுவும் மனஸ்தாபமா?"

"அதுவும் இல்ல."

உயில் என்று ஒரு மகன் கேட்டால் ஒரு தகப்பனுக்குத் தோன்றக்கூடிய காரணங்கள் இந்த மூன்றும்தான் போலிருக்கிறது: தனக்குச் சாவு நெருங்கிவிட்டது, மருமகள் தூண்டிவிட்டாள், பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள். மூன்றும் இல்லை என்றதும் அவருக்குக் குழப்பம். தன்னோடு வேலை பார்த்த ஒருவரின் கதையை எடுத்தார். மனிதர் ஓய்வு பெற்ற கையோடு வீட்டை மகன் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆறு மாதம் நன்றாகத்தான் போனது. அப்புறம் மாடி ரூம், அப்புறம் ஷெட், இப்போது தங்கச்சி வீட்டில் இருக்கிறார். "எழுதிக் கொடுத்தான், தெருவுக்கு வந்தான். என்னையும் எழுதிக் கொடுக்கச் சொல்றியா?"

"அவர் செஞ்சது செட்டில்மெண்ட்ப்பா. நான் சொல்றது உயில்."

"ரெண்டும் எழுதுறதுதான?"

இங்கேதான் எனக்குத் தமிழே கைகொடுத்தது. நாம் பேசும்போதே இரண்டையும் பிரித்துத்தான் சொல்கிறோம். செட்டில்மெண்ட் என்றால் எழுதிக் கொடுத்துட்டாரு. உயில் என்றால் எழுதி வச்சிருக்காரு. கொடுத்தது கையை விட்டுப் போய்விட்டது. பதிவான அன்றே சொத்து வாங்கியவருடையது. பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, பார்க்காமல் விட்டால் 2007-ம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தின்படி மனுப் போட்டு ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் அந்த வயதில் மனுவோடு அலைய வேண்டும். எழுதி வைத்தது நம் பீரோவிலேயே இருக்கும். நாம் உயிரோடு இருக்கும் வரை அதற்கு எந்த அதிகாரமும் கிடையாது. நாளைக்கே வீட்டை விற்கலாம், அடமானம் வைக்கலாம், உயிலைக் கிழித்துப் போடலாம், வேறு எழுதலாம். கடைசியாக முறைப்படி எழுதியது எதுவோ அதுதான் செல்லும். இதையெல்லாம் சொன்னேன். 'எழுதிக் கொடுக்கிறது, எழுதி வைக்கிறது' என்று அவர் தனக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் கேட்டதுதான் என்னை மடக்கியது. "சரி. ஆனா உயில்னு ஒண்ணு எதுக்கு எழுதுவான்? யாரோ ஒருத்தருக்கு இல்லன்னு சொல்லத்தான எழுதுவான்? எல்லாருக்கும் சமம்னா எழுதவே வேண்டாமே, அது தன்னால போகுது."

நியாயமான கேள்வி. சட்டப்படியும் சரி. அவர் எழுதாமல் விட்டால் அம்மா, அக்கா, நான் மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு வந்து நான்காகியிருக்கும். இதில் யாரும் ஏமாறவில்லை. ஆனால் அந்தப் பங்கு வீட்டின் ஒவ்வொரு செங்கல்லிலும் மூன்றில் ஒன்று. எந்த அறை யாருக்கு, அம்மா எங்கே இருப்பாள், விற்கலாமா கூடாதா, எதையும் அது சொல்லாது. மூவரும் ஒத்துப்போகும் வரை பிரச்சினை இல்லை. ஒத்துப்போகும் வரை பெரியப்பா வீட்டிலும் பிரச்சினை இல்லை.

மாடி

இனி நான் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த வீட்டில் கீழ்த்தளம் அப்பா 1991-ல் கட்டியது. மாடி 2014-ல் நான் கட்டியது. வங்கிக் கடன் பதினொரு லட்சம். மனை அப்பா பெயரில் இருப்பதால் அவரையும் கூட்டுக் கடன்தாரராகச் சேர்த்துக் கையெழுத்து வாங்கினார்கள். தவணை முழுக்க என் சம்பளத்திலிருந்து போனது. மாடிக்குத் தனியாகப் பத்திரம் கிடையாது. மனை யாருடையதோ அவர் காலத்துக்குப் பிறகு மாடியும் அந்தக் கணக்கில்தான் சேரும். நான் கட்டிய தவணைகளை வைத்து வழக்காடலாம். ஆனால் யாரோடு வழக்காடுவது, அக்காவோடா? அந்த மாடி மேல் எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் பொய். பெரியப்பா வீட்டுக் கதையைப் பொதுநல நோக்கில் யோசித்துக்கொண்டிருந்த அந்த இரண்டு வருடமும் மாடி என் மண்டையின் ஒரு மூலையில் இருந்துகொண்டேதான் இருந்தது.

அப்பா அதைத் தொட்டுவிட்டார். "மாடிக்காகத்தான் கேக்குறியா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஏற்கெனவே மூன்று முறை இல்லை என்று சொல்லியிருந்தேன், மூன்றும் உண்மை. நாலாவதையும் அதே குரலில் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். "அதுவுந்தான்ப்பா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கரண்டும் வந்துவிட்டது. உள்ளே டிவி தானாகக் கத்த ஆரம்பித்தது. "ரெண்டு மணின்னு போட்டான், ஒண்ணே முக்காலுக்கே குடுத்துட்டான் பாரு" என்று சொல்லிக்கொண்டே செய்தி பார்க்க உட்கார்ந்துவிட்டார். அன்று அதோடு முடிந்தது.

கிளம்பும்போது அம்மா பஸ்ஸுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தபடி சொன்னாள். "கேட்டதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா ரெண்டு பேரும் அவ்வளவு நேரம் வீட்டப் பத்தியே பேசுனீங்க. அவருக்கப்புறம் நான் எங்க இருப்பேன்னு ஒருத்தரும் கேக்கல." கோபமாகச் சொல்லவில்லை. அப்பளம் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். வத்தலக்குண்டு தாண்டும் வரைக்கும் அந்தக் குரல் காதில் இருந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும்; ஆனால் கோயம்புத்தூர் பஸ் அந்தப் பக்கம் போகாது. ஒட்டன்சத்திரம் வரைக்கும் இருந்தது.

அன்றிரவே அக்காவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குத் தெரியாமல் நான் அப்பாவிடம் பேசியதாக இருக்கக் கூடாது என்று பயம். "எங்கிட்ட ஏன்டா சொல்ற, அது அவரு சொத்து" என்றாள். கொஞ்சம் விட்டு, "மாடி நீ கட்டினதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். அதற்கு மேல் இருவரும் அதைப் பேசவில்லை. அவளுக்குத் தெரியும், அது போதும் என்று விடத்தான் யாருக்கும் தோன்றும்.

ஷிப்ட் மாறும்

மூன்று வாரம் கழித்து அப்பாவே கூப்பிட்டார். வங்கிக்குப் போய்த் தன் டெபாசிட்டுக்கு யார் நாமினி என்று பார்த்தாராம். என் பெயர் இருந்ததாம். "நாமினி உன் பேரு, அப்ப அது உனக்குன்னுதான் இத்தன நாளா நெனச்சிட்டு இருந்தேன். இல்லையாம்ல?" என்றார். பெரியப்பா வீட்டில் நடந்ததன் பாதி அப்போதுதான் அவருக்குப் புரிந்தது போலிருக்கிறது.

அப்புறம் சம்பந்தமே இல்லாமல் தன் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "நாங்க எல்.சி. வாங்காம கம்பத்துல ஏற மாட்டோம், தெரியுமா?" எல்.சி. என்றால் லைன் கிளியர். மின்பாதையில் வேலை செய்வதற்கு முன் துணைமின்நிலையத்தில் அந்தப் பாதையை அணைத்து, இன்னார் வேலை செய்கிறார், அவர் திருப்பித் தரும் வரை கரண்ட் கொடுக்கக் கூடாது என்று எழுதித் தருவது. "ஆபரேட்டர் யாரு? காலையில என் கூட டீ குடிச்சவன். லைன ஆஃப் பண்ணிட்டேண்ணேன்னு அவன் போன்ல சொன்னா எனக்கு நம்பிக்கை இல்லாமயா? ஆனாலும் எழுதி வாங்கணும். ஏன்னா ரெண்டு மணிக்கு ஷிப்ட் மாறும். அடுத்து வர்றவனுக்கு நாங்க டீ குடிச்சது தெரியாது."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அடுத்த வாரம் வா. வக்கீலப் பாப்போம்" என்றார்.

ஆர்வக்கோளாறில் நான் ஒரு காரியம் செய்தேன். உயிலை நானே லேப்டாப்பில் தட்டச்சு செய்து எடுத்துப் போனேன். 'நான் நல்ல மனநிலையிலும் சுயநினைவோடும் யாருடைய தூண்டுதலும் இன்றி' என்று ஆரம்பித்து, சொத்து விவரம், நான்கு எல்லை, எல்லாம் பத்திரத்தைப் பார்த்துக் கச்சிதமாக அடித்திருந்தேன். யாருக்கு என்ற இடங்களை மட்டும் காலியாக விட்டிருந்தேன். வக்கீல் வயதானவர். இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டுக் கேட்டார்.

"இது யார் அடிச்சது?"

"நான்தான் சார்."

"யாருடைய தூண்டுதலும் இன்றின்னு மகன் அடிச்சுக் குடுத்திருக்கீங்க" என்று சிரித்துவிட்டு, அதை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு விளக்கினார். உயிலை எதிர்த்து யாராவது நீதிமன்றம் போனால், அதை முன்வைப்பவர்தான் சந்தேகங்களைப் போக்க வேண்டும். பலன் அடைகிறவரே உயில் எழுதுவதில் முக்கியமான பங்கு எடுத்திருந்தால் அது சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை என்று உச்ச நீதிமன்றம் 1958-ல் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொன்னதை இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதனாலேயே உயில் செல்லாது என்று ஆகிவிடாது. ஆனால் நீதிபதியின் கண் அங்கே போய் நிற்கும். அழைத்து வந்தது மகன், அடித்தது மகன், பக்கத்தில் உட்கார்ந்திருந்தது மகன், பெரிய பங்கும் மகனுக்கு என்றால், உண்மையிலேயே தகப்பன் மனதார எழுதியிருந்தாலும் நிரூபிப்பது பாடு.

இரண்டு வருடமாக நான் கூச்சப்பட்ட விஷயத்தைச் சட்டமும் அப்படியேதான் பார்க்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது.

என்னை வெளியே அனுப்புவதற்கு முன் எங்கள் இருவரையும் வைத்து அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "அம்மாவுக்கு என்ன செய்யப் போறீங்க?" அவள் இருக்கும் வரை குடியிருக்கும் அனுபவ உரிமை மட்டுமா, அல்லது முழு உரிமையா? அனுபவ உரிமை மட்டும் என்று எழுதினாலும், மனைவியின் ஜீவனாம்சத்துக்குப் பதிலாகத்தான் அது கொடுக்கப்பட்டது என்று ஆனால் 1956 சட்டத்தின் 14-ம் பிரிவு அதை முழு உரிமையாக்கிவிடலாம். ஆகவே என்ன நினைக்கிறீர்களோ அதை மழுப்பாமல் எழுத வேண்டும் என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மா தண்ணீர் பாட்டிலோடு வாசலில் நின்று சொன்னதைச் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது. அவரிடம் அம்மா அதைச் சொல்லவே இல்லை.

"நீ வெளிய இரு" என்றார் அப்பா.

எதிர்த்த டீக்கடையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு டீ, ஒரு உளுந்த வடை. உள்ளே என் தகப்பனார் என் வீட்டைப் பற்றி, என் அம்மாவைப் பற்றி, என் அக்காவைப் பற்றி, என்னைப் பற்றி யாரோ ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். சின்ன வயதில் ஹெட்மாஸ்டர் அறைக்குள் அவர் போக, நான் வெளியே நிற்பேன். அதே மாதிரிதான் இருந்தது. அதே மாதிரி வயிறும் கலக்கியது.

சாட்சி

வெளியே வந்த அப்பா ஏதோ வேலை ஒப்படைக்கப்பட்டவர் மாதிரி சுறுசுறுப்பாக இருந்தார். உயில் வெள்ளைத்தாளில் எழுதினாலே போதுமாம், முத்திரைத்தாள் வேண்டாமாம். பதிவு செய்வதும் கட்டாயம் இல்லையாம். ஆனால் இரண்டு சாட்சிகள் கட்டாயம். இவர் கையெழுத்துப் போடுவதைச் சாட்சி பார்த்திருக்க வேண்டும், அல்லது இது என் கையெழுத்துதான் என்று இவர் சொல்ல அவர் கேட்டிருக்க வேண்டும். அப்புறம் இவருக்கு முன்னால் சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். உயிலில் என்ன இருக்கிறது என்று சாட்சிக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. நான் பல வருடமாக, சாட்சி என்றால் முழுவதையும் படித்தவர் என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்பா சாட்சிக்குத் தன் நண்பர்கள் இருவரைச் சொல்லியிருக்கிறார். ஒருவருக்கு 76 வயது, இன்னொருவருக்கு 78. "உங்களுக்கு அப்புறம் கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டிய ஆளுங்க சார், உங்களுக்கு முன்னாடி போயிட்டா?" என்று வக்கீல் கேட்டாராம். உயிலை நீதிமன்றத்தில் நிரூபிக்க, சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்து வரக்கூடிய நிலையில் இருந்தால் அவரை விசாரித்தே ஆக வேண்டும். இருவருமே இல்லை என்றால் கையெழுத்தை அடையாளம் காட்ட ஆள் தேட வேண்டும். சாட்சி இவரைவிட இளையவராக, வீடு மாறி வீடு மாறி ஓடாதவராக, சொத்தில் சம்பந்தம் இல்லாதவராக இருப்பது நல்லது. கடைசியில் நண்பர் ஒருவரின் மகனும், தெருமுனை மருந்துக்கடைக்காரரும் சாட்சி ஆனார்கள். மருந்துக்கடைக்காரருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. "சுகர் மாத்திரை வாங்கப் போற எடத்துல ஆயுசு கெட்டியான ஆளாப் பாத்துப் பிடிச்சேன்" என்று அப்பா பெருமைப்பட்டுக்கொண்டார்.

கட்டாயம் இல்லாவிட்டாலும் பதிவு செய்துவிடுவது என்று அவரே முடிவெடுத்தார். அவருக்கு ரிஜிஸ்டர் ஆபீஸில் போட்டோவும் கைரேகையும் இருந்தால்தான் திருப்தி. நான் கூடப் போகவில்லை. யாராவது பிறகு வில்லங்கம் போட்டுப் பார்த்துவிடுவார்களோ என்று மட்டும் அவருக்குக் கவலை இருந்திருக்கிறது. உயில் மூன்றாம் புத்தகத்தில் பதிவாகிறது. வில்லங்கச் சான்றில் வராது. எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை அவரைத் தவிர வேறு யாருக்கும் நகல் கொடுக்க மாட்டார்கள். அதைக் கேட்ட பிறகுதான் தேதி குறித்தார். டாக்டரிடம் மனநிலை நன்றாக இருப்பதாக ஒரு சான்றும் வாங்கிக்கொண்டார். "எக்கோவவிட இது நல்லாருக்கு" என்றார் போனில்.

பதிவான சனிக்கிழமை அல்ல, அடுத்த வாரம் நான் ஊருக்குப் போனேன். பீரோவில் பத்திரக்கட்டுக்கு மேல் ஒரு பழுப்பு நிறக் கவர், ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். உயில் இருக்கும் இடமே யாருக்கும் தெரியாமல், காரியமெல்லாம் முடிந்த பிறகு பழைய பேப்பரோடு எடைக்குப் போன கதைகளை வக்கீல் சொல்லியிருப்பார் போல. எனக்கும், வீடியோ காலில் அக்காவுக்கும் கவரைத் தூக்கிக் காட்டினார். உள்ளே என்ன இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. மாடி யாருக்கு என்று இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசை போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன்.

அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அப்பா குரலைத் தாழ்த்தி என் பக்கம் சாய்ந்தார்.

"வக்கீல் இன்னொண்ணு சொன்னாரு. உங்கம்மா பேர்ல அவங்க அப்பா குடுத்த இருபது சென்ட் இருக்குல்ல. நகை வேற. அவளும் ஒண்ணு எழுதி வச்சா நல்லதாம்."

"சரிதான். சொல்லுங்க அம்மாகிட்ட."

"நீ கேளேன்."

"நான் கேட்டா நல்லாருக்காதுப்பா. நீங்க கேளுங்க."

"நான் கேட்டா வேற மாதிரி நெனப்பா. அவ நகைய நான் எதுக்குக் கேக்குறேன்னு." கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். பிறகு ஏதோ தீர்மானித்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்து உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "இந்தா, இங்க கொஞ்சம் வா. ஒரு விஷயம்."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நிலைப்படியில் நின்றாள். அப்பாவை நேராகப் பார்த்தாள்.

"என்னங்க?"

அப்பா தொண்டையைச் செருமினார்.

"இன்வர்ட்டருக்குத் தண்ணி ஊத்தணும்ல, அந்த கேன எங்க வச்ச?"